மூன்று மணி நேரம் போதுமா? ஒன்றரை மணி நேரம் போதுமா? நான் தவறவிட்ட விமானமும் அம்மா தவறவிட்ட விமானமும்



இது மருத்துவப் பதிவு இல்லை. ஆனால் என்னிடம் சிகிச்சைக்கு வருபவர்களிலேயே பலர் கேட்கும் கேள்வி இது.

"சார், மகன் வெளிநாட்டுல இருக்கான். எங்களைக் கூப்பிடுறான். நடுவுல விமானம் மாறணுமாம். ஒன்றரை மணி நேரம்தான் இடைவெளி இருக்கு. எனக்கு முட்டி வலி வேற. மாறிற முடியுமா?"

இந்தக் கேள்விக்கு நான் முன்பு சொன்ன பதில் தவறு. அது தவறு என்று எனக்குப் புரிய ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் செலவானது. என் தங்கையின் பிரசவத்தன்று அம்மா அவள் பக்கத்தில் இல்லாமல் போனதும் அதனால்தான்.

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

என் தங்கை இங்கிலாந்தில் இருக்கிறாள். முதல் பிரசவம். குழந்தை தலை திரும்பாததால் வியாழக்கிழமை காலை சிசேரியன் என்று நாள் குறித்து விட்டார்கள். "அண்ணே, அம்மாவைக் கூட்டிட்டு எப்படியாவது புதன்கிழமைக்குள்ள வந்துருண்ணே" என்றாள்.

அரசுப் பணியில் இருப்பவர்களுக்குத் தெரியும். வெளிநாடு போக துறையின் அனுமதி வாங்க வேண்டும், விடுப்பு வாங்க வேண்டும், நமது டியூட்டியைப் பார்க்க ஆள் பிடிக்க வேண்டும். எல்லாம் கைக்கு வந்தபோது பயணத்துக்கு ஒன்பது நாள்தான் இருந்தது.

அவசரமாக டிக்கெட் போட்டேன்.

சென்னையில் இருந்து வளைகுடா நாடு ஒன்றின் வழியாக இங்கிலாந்து. செவ்வாய் இரவு 9.50-க்கு சென்னையில் கிளம்பி, நள்ளிரவில் வளைகுடாவில் இறங்கி, அங்கே 1 மணி 35 நிமிட இடைவெளியில் அடுத்த விமானம். புதன் காலை தங்கை வீடு.

மதுரையில் இருந்து சென்னைக்குத் தனியாக வேறொரு நிறுவனத்தின் விமானம். மாலை 5.55-க்குக் கிளம்பி 7.25-க்கு சென்னை. அங்கிருந்து 9.50 விமானத்துக்கு 2 மணி 25 நிமிடம் இருக்கிறது.

இந்த இரண்டு இடைவெளிகளில் எனக்கு எது பயமாக இருந்தது தெரியுமா?

வளைகுடாதான். புது ஊர், பெரிய விமான நிலையம், அம்மாவுக்கு இரண்டு முட்டியிலும் தேய்மானம், வெறும் 1 மணி 35 நிமிடம். அந்த விமான நிலையத்தின் வரைபடத்தை எல்லாம் எடுத்து வைத்துப் படித்தேன்.

சென்னையைப் பற்றி யோசிக்கவே இல்லை. நம்ம ஊர். ஒரே வளாகம். கிட்டத்தட்ட இரண்டரை மணி நேரம். போதாதா?

போதவில்லை.

அன்று மதுரைக்கு வர வேண்டிய விமானமே தாமதமாக வந்தது. 5.55 விமானம் 6.35-க்குக் கிளம்பியது. சென்னையில் விமானம் வந்து நின்றபோது மணி 8.05. வெறும் 40 நிமிடத் தாமதம். பேருந்தாக இருந்தால் அதைத் தாமதம் என்றே சொல்ல மாட்டோம்.

சக்கர நாற்காலிப் பயணிகளை எல்லோரும் இறங்கிய பிறகு கடைசியாகத்தான் இறக்குவார்கள். அதுதான் முறை, அதுதான் பாதுகாப்பும் கூட. நாங்கள் கீழே வந்தபோது 8.20.

இரண்டு பெட்டிகள் பெல்ட்டில் வந்து சேர 8.45.

உள்நாட்டு முனையத்தில் இருந்து வெளியே வந்து, பன்னாட்டு முனையத்தின் வாசலில் பாஸ்போர்ட்டும் டிக்கெட்டும் காட்டி உள்ளே நுழைந்தபோது 9.05.

கவுண்டர் 8.50-க்கு மூடியாகி விட்டது.

"விமானம் 9.50-க்குத்தானே மேடம், இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கே" என்றேன்.

"சார், கவுண்டர் ஒரு மணி நேரத்துக்கு முன்னாடியே குளோஸ் ஆயிடும். பெட்டியெல்லாம் கீழே போயிடுச்சு. இனி சிஸ்டத்துல எதுவும் பண்ண முடியாது" என்றார் அந்தப் பெண். பணிவாகத்தான் சொன்னார். அவர் மேல் தப்பே இல்லை.

அம்மா சக்கர நாற்காலியில் இருந்தபடி என்னைப் பார்த்தார். "என்னப்பா சொல்றாக?"

அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்வதுதான் அன்று கஷ்டமாக இருந்தது.

புதன் இரவு விமானத்தில் இடம் இல்லை. வியாழன் இரவுதான் கிடைத்தது. கட்டண வித்தியாசம், மாற்றுக் கட்டணம் எல்லாம் சேர்த்து இரண்டு பேருக்கும் நான் கட்டியது என் ஒரு மாதச் சம்பளத்தை விட அதிகம்.

வியாழன் மதியம், தாம்பரத்தில் பெரியம்மா வீட்டில் உட்கார்ந்து வாட்ஸ்அப்பில்தான் அம்மா பேத்தியின் முகத்தைப் பார்த்தார். "பிள்ளை நல்லா பிறந்துருச்சுல்ல, அது போதும் விடு" என்று என்னைத் தேற்றினார். அவர் அன்று மதியம் சாப்பிடவில்லை.

சரி. எங்கே தப்பு செய்தேன்?

மாரடைப்போடு ஒருவர் மருத்துவமனைக்கு வந்தால் நாங்கள் ஒரு கணக்கு வைத்திருப்போம். 'டோர் டு நீடில் டைம்' என்பார்கள். நோயாளி வாசலில் நுழைந்ததில் இருந்து ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி உடம்பில் ஏறும் வரை ஆகும் நேரம். 30 நிமிடத்துக்குள் முடிய வேண்டும் என்பது இலக்கு.

அந்த இலக்கு தவறிய கேஸ்களை எடுத்து ஆராய்ந்தால், பெரும்பாலும் யாரும் சும்மா உட்கார்ந்திருக்க மாட்டார்கள். பதிவுச் சீட்டுக்கு ஐந்து நிமிடம், ஈசிஜி மிஷினை நகர்த்தி வர ஐந்து நிமிடம், ஈசிஜியை மருத்துவரிடம் காட்ட, மருந்தை எடுத்து வர, கையெழுத்து வாங்க என்று கை மாறும் ஒவ்வொரு இடத்திலும் ஐந்து ஐந்து நிமிடமாக நேரம் கசிந்திருக்கும்.

விமானம் மாறுவதும் இதே கதைதான். 2 மணி 25 நிமிடத்தை நான் ஒரே கட்டியாகப் பார்த்தேன். அதை உடைத்துப் பார்க்கவில்லை.

இப்போது உடைத்துப் பார்ப்போம். நீங்களும் உங்கள் டிக்கெட்டை எடுத்து வைத்துக் கொள்ளுங்கள்.

முதலில், முடிவுக் கோடு எங்கே இருக்கிறது?

விமானம் கிளம்பும் நேரம் நமக்கு முடிவுக் கோடு இல்லை. தனி டிக்கெட்டில் போகிறவருக்கு கவுண்டர் மூடும் நேரம்தான் முடிவுக் கோடு. பன்னாட்டு விமானங்களுக்குப் பொதுவாக 60 நிமிடம் முன்பே மூடுவார்கள். சில நிறுவனங்கள் இன்னும் முன்பே மூடுகின்றன. ஆக 9.50 விமானம் எனக்கு 8.50 விமானம். என்னுடைய 2 மணி 25 நிமிடம் அங்கேயே 1 மணி 25 நிமிடமாகி விட்டது.

அடுத்து, தொடக்கக் கோடு எங்கே?

டிக்கெட்டில் போட்டிருக்கும் 7.25 என்பது விமானம் தன் இடத்தில் வந்து நிற்க வேண்டிய நேரம். நாம் வெளியே வரும் நேரம் அல்ல. இறங்க 15 நிமிடம். பெட்டி வர 25 நிமிடம். முனையம் மாறி, வாசல் சோதனை முடித்து கவுண்டரை அடைய 20 நிமிடம். மொத்தம் ஒரு மணி நேரம்.

அதாவது விமானம் நொடி பிசகாமல் 7.25-க்கு வந்திருந்தாலும் நான் கவுண்டரில் நிற்பது 8.25-க்குத்தான். என் கையில் உண்மையில் இருந்த உபரி நேரம் 25 நிமிடம்.

2 மணி 25 நிமிடம் இருக்கிறது என்று நினைத்து நிம்மதியாக டிக்கெட் போட்டவனிடம் இருந்தது வெறும் 25 நிமிடம். வந்த தாமதம் 40 நிமிடம். பதினைந்து நிமிடத்தில் போனது.

இன்னொன்று. மதுரையில் நாங்கள் ஏறியது மாலை விமானம். ஒரே விமானம் காலையில் இருந்து ஊர் ஊராகப் போய் வந்து கொண்டிருக்கும். காலையில் ஒரு ஊரில் பத்து நிமிடம், மதியம் இன்னொரு ஊரில் பதினைந்து நிமிடம் என்று சேர்ந்து சேர்ந்து மாலையில் நம் தலையில் வந்து விடியும். நமது வெளிநோயாளிகள் பிரிவில் காலை முதல் டோக்கன்காரர் நேரத்துக்குப் பார்க்கப்படுவார், கடைசி டோக்கன்காரர் காத்துக் கிடப்பார் அல்லவா, அதே போல.

இதை முன்கூட்டியே தெரிந்து கொள்ள வழி இருக்கிறது. 'ஃபிளைட்ரேடார்24' போன்ற செயலிகளில் உங்கள் விமான எண்ணைப் போட்டால், அந்தத் தடத்தில் முந்தைய நாட்களில் எத்தனை மணிக்கு வந்து சேர்ந்தது என்று காட்டும். டிக்கெட் போடும் முன்பே கடந்த ஒரு வாரத்தைப் பாருங்கள். ஏழு நாளில் மூன்று நாள் அரை மணி நேரம் தாமதம் என்றால், உங்கள் கணக்கில் அந்த அரை மணி நேரத்தைக் கழித்து விட்டுத்தான் மீதியைப் பார்க்க வேண்டும். பயண நாளன்று, உங்களை ஏற்ற வரும் விமானம் இப்போது எங்கே இருக்கிறது என்பதையும் பெரும்பாலும் பார்க்கலாம். அது இன்னும் முந்தைய ஊரிலேயே நிற்கிறது என்றால், பலகையில் 'சரியான நேரம்' என்று எழுதியிருந்தாலும் நம்பாதீர்கள்.

இப்போது தூரத்துக்கு வருவோம்.

விமான நிலையங்களில் 'கேட்டுக்கு 10 நிமிட நடை' என்று பலகை வைத்திருப்பார்கள். அது யாருடைய நடை?

ஆரோக்கியமான ஒருவர் நிமிடத்துக்கு சுமார் 80 மீட்டர் நடப்பார். முட்டித் தேய்மானம் உள்ள என் அம்மாவை எங்கள் தெருவில் நடக்க வைத்து அளந்து பார்த்தேன். நிமிடத்துக்கு 40 மீட்டர். நடுவில் ஒரு முறை நின்று மூச்சு வாங்கினார். பலகையில் 10 நிமிடம் என்றால் அம்மாவுக்கு 20 நிமிடத்துக்கு மேல்.

உங்கள் வீட்டுப் பெரியவர்களையும் இப்படி அளந்து பாருங்கள். 200 மீட்டர் நடக்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று பார்த்தால் போதும். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் சக்கர நாற்காலி கேட்டு விடுங்கள். கௌரவம் பார்க்க வேண்டாம். இதய நோயாளி ஒருவர் கேட்டை நோக்கிப் பெட்டியோடு ஓடுவதை விட ஆபத்தான காரியம் விமான நிலையத்தில் வேறு இல்லை.

சக்கர நாற்காலியைப் பயணத்துக்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே விமான நிறுவனத்திடம் சொல்லிப் பதிவு செய்ய வேண்டும். படி ஏற முடியும், நீண்ட தூரம்தான் நடக்க முடியாது என்றால் WCHR என்று போடுவார்கள். படியும் ஏற முடியாது என்றால் WCHS. இது டிக்கெட்டில் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். ஏனென்றால் ஏணிப்படியில் இறக்க முடியாதவருக்குத் தனி லிஃப்ட் வண்டி வர வேண்டும். அது முன்கூட்டியே தெரியாவிட்டால் விமானத்துக்குள்ளேயே காத்திருக்க வேண்டி வரும்.

இன்னொரு விஷயம். சக்கர நாற்காலி வேகமான வழி என்று சிலர் நினைக்கிறார்கள். பாதுகாப்புச் சோதனையிலும் குடியுரிமைச் சோதனையிலும் வரிசை குறையலாம். ஆனால் இறங்குவது கடைசி, உதவியாளருக்காகக் காத்திருப்பது தனி. நான் கணக்கில் 20 நிமிடம் கூடுதலாகத்தான் வைப்பேன்.

முனையங்களுக்கு இடையே உள்ள தூரம் ஊருக்கு ஊர் மாறும். சென்னையில் உள்நாட்டு விமானங்கள் முனையம் 1, முனையம் 4 இரண்டில் இருந்தும் போகின்றன. பன்னாட்டு விமானங்கள் முனையம் 2. எல்லாம் ஒரே வளாகம்தான், நடந்தோ பேட்டரி காரிலோ போய் விடலாம். ஆனால் மும்பையில் முனையம் 1-உம் 2-உம் வெவ்வேறு பகுதிகளில் இருக்கின்றன. நடுவே சில கிலோமீட்டர் சாலை. மும்பைப் போக்குவரத்து நெரிசலைச் சொல்ல வேண்டியதில்லை. டெல்லியில் முனையம் 2-உம் 3-உம் பக்கத்துப் பக்கத்தில், முனையம் 1 தள்ளி. துபாயில் முனையம் 1-உம் 3-உம் ஒரு பக்கம், முனையம் 2 ஓடுபாதைகளுக்கு அந்தப் பக்கம்.

எனவே 'ஒரே விமான நிலையம்தானே' என்று விட்டு விடாதீர்கள். இறங்குவது எந்த முனையம், ஏறுவது எந்த முனையம் என்று டிக்கெட்டில் பாருங்கள். பயணத்துக்கு முதல் நாள் மறுபடியும் பாருங்கள். முனையங்களை மாற்றுவது உண்டு.

இதுவரை சொன்னது நான் தவறவிட்ட விமானத்தின் கதை. இனி அம்மா தவறவிட்டது.

மூன்று மாதம் தங்கையோடும் பேத்தியோடும் இருந்து விட்டு, அம்மா தனியாகத் திரும்பினார். இங்கிலாந்தில் இருந்து வளைகுடா வழியாக சென்னை. மறுபடியும் இடையில் 1 மணி 35 நிமிடம்.

கடும் பனிக்காலம். அங்கே விமானம் கிளம்பவே 1 மணி 20 நிமிடம் தாமதம். தங்கை போனில் அழாத குறை. "அண்ணே, அம்மாவுக்கு இங்கிலீஷும் வராது. அங்க போய் என்ன செய்வாங்க?"

வளைகுடாவில் விமானம் வந்து நின்றபோது அடுத்த விமானத்தின் கேட் மூடப்பட்டு விட்டது. தவறியது தவறியதுதான்.

ஆனால் நடந்தது என்ன தெரியுமா?

அம்மாவை இறக்கி வந்த உதவியாளர், நேராக ஒரு மேசைக்குக் கூட்டிப் போனார். அங்கே அம்மா பெயரில் புது போர்டிங் பாஸ் தயாராக இருந்தது. ஆறு மணி நேரம் கழித்துக் கிளம்பும் அடுத்த சென்னை விமானம். சாப்பாட்டுக்கு ஒரு கூப்பன். ஒரு பைசா கேட்கவில்லை. பெட்டியும் அதே விமானத்தில் வந்தது. பிரஷர் மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் கைப்பையில் இருந்ததால் வேளை தவறவில்லை.

சென்னையில் இறங்கி வந்த அம்மா முதலில் சொன்னது, "அங்க ஒரு மலையாளத்துப் பையன்ப்பா. எனக்குச் சாயா வாங்கிக் குடுத்தான்."

நான் 15 நிமிடத்தில் தவறவிட்டதற்குச் சம்பளமும் பிரசவமும் போனது. அம்மா தவறவிட்டும் ஒரு சாயாவோடு வந்து சேர்ந்தார்.

ஏன்?

நம் மருத்துவமனைப் பாஷையில் சொல்கிறேன். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்து ஒரு நோயாளியைப் பெரிய மருத்துவமனைக்குப் பரிந்துரைத்து, 108-ல் ஏற்றி, அங்குள்ள மருத்துவருக்குப் போன் போட்டுச் சொல்லி அனுப்பினால், வழியில் தாமதமானாலும் அந்த நோயாளிக்கு ஒரு பொறுப்பாளர் இருக்கிறார். இவர் வருவார் என்று அங்கே தெரியும். அதே நோயாளி தானாக ஆட்டோ பிடித்துப் போனால், வாசலில் நிற்கும் வரை அவர் வருவது யாருக்கும் தெரியாது.

ஒரே டிக்கெட் என்பது 108. தனித்தனி டிக்கெட் என்பது ஆட்டோ.

ஒரே முன்பதிவு எண்ணில் முழுப் பயணமும் இருந்தால், அந்த இடைவெளியை உங்களுக்கு விற்றதே விமான நிறுவனம்தான். ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் குறைந்தபட்ச இணைப்பு நேரம் என்று ஒன்று வரையறுத்திருக்கிறார்கள். அதற்குக் கீழே உள்ள இணைப்பை ஒரே டிக்கெட்டாக விற்க மாட்டார்கள். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது தவறினால், அடுத்த விமானத்தில் ஏற்றி விடுவது அவர்கள் வேலை. பெட்டியை நடுவில் எடுக்க வேண்டியதில்லை, கவுண்டருக்குப் போக வேண்டியதில்லை. முடிவுக் கோடும் மாறுகிறது. கவுண்டர் மூடும் 60 நிமிடம் இல்லை, கேட் மூடும் 20 நிமிடம்தான்.

ஆனால் அந்தக் குறைந்தபட்ச நேரம் என்பது, எல்லாம் சரியாக நடந்தால், நன்றாக நடக்கக் கூடியவர் மாறி விடலாம் என்கிற அளவு. 'இது உங்களுக்கு வசதியான நேரம்' என்று அர்த்தம் இல்லை.

தனித்தனி டிக்கெட்டில் இந்தப் பாதுகாப்பு எதுவும் கிடையாது. இரண்டாவது நிறுவனத்தைப் பொறுத்தவரை, முதல் விமானம் தாமதமானதால் வராதவரும் வீட்டில் தூங்கிப் போனதால் வராதவரும் ஒன்றுதான். இருவருமே 'வரவில்லை'. அதோடு போகாது. முதல் கட்டத்துக்கு வராவிட்டால் அதே டிக்கெட்டில் உள்ள மீதிப் பயணமும், திரும்பி வரும் டிக்கெட் உட்பட, பொதுவாக ரத்தாகி விடும்.

அதனால் தவறப் போகிறது என்று தெரிந்தால், விமானம் கிளம்பும் முன்பே அந்த நிறுவனத்தைக் கூப்பிட்டுத் தேதியை மாற்றச் சொல்லுங்கள். கிளம்பிய பிறகு பேசினால் செலவு இன்னும் கூடும். அன்று கவுண்டரில் இருந்த அந்தப் பெண் செய்த பெரிய உதவி அதுதான். "சார், என்கிட்ட பேசிட்டு இருக்காதீங்க. 9.50-க்கு முன்னாடி அந்த ஆபீஸ்ல போய் மாத்திடுங்க" என்று கை காட்டினார். இல்லாவிட்டால் திரும்பி வரும் டிக்கெட்டும் போயிருக்கும்.

ஆக, 'எவ்வளவு நேரம் போதும்?' என்று இப்போது யாராவது கேட்டால் நான் திருப்பி மூன்று கேள்வி கேட்கிறேன்.

ஒன்று, ஒரே டிக்கெட்டா, தனித்தனியா?

இரண்டு, தவறினால் அடுத்த விமானம் எப்போது? மூன்று மணி நேரத்தில் ஒன்று இருக்கிறதா, மறுநாள்தானா, வாரத்துக்கு மூன்று நாள்தானா?

மூன்று, போய்ச் சேரும் இடத்தில் தள்ளிப் போட முடியாத விஷயம் ஏதாவது இருக்கிறதா? பிரசவம், திருமணம், துக்கம், விசா நேர்காணல் இப்படி.

ஒரே டிக்கெட், அடுத்த விமானம் சில மணி நேரத்தில், போய்ச் சேரும் நாளில் அவசரம் ஒன்றும் இல்லை என்றால், இளவயதினருக்கு ஒன்றரை மணி நேரமே போதும். பெரியவர்களுக்கு இரண்டரை முதல் மூன்று மணி நேரம் வைப்பேன். கழிப்பறை போய், மாத்திரை போட்டு, நிதானமாக மாறலாம். தவறினாலும் நஷ்டம் சில மணி நேரம்தான்.

ஒரே டிக்கெட்தான், ஆனால் அது அன்றைய கடைசி விமானம் என்றால் மூன்று மணி நேரத்துக்குக் குறைய மாட்டேன்.

தனித்தனி டிக்கெட், உள்நாட்டில் இருந்து பன்னாட்டுக்கு மாறுவது என்றால், ஒரே வளாகமாக இருந்தாலும் குறைந்தது ஐந்தாறு மணி நேரம். முனையங்களுக்கு நடுவே சாலை இருந்தால் இன்னும் கூட. முதல் விமானம் ரத்தானாலும் அன்றைக்கே வேறொரு வழியில் போய்ச் சேர நேரம் இருக்க வேண்டும். கணக்கு அவ்வளவுதான். மதுரையில் இருந்து காலை விமானம் பிடிக்கலாம். காலையில் வைகை எக்ஸ்பிரஸ் ஏறினால் கூட மதியம் தாம்பரத்தில் இறங்கி விடலாம். இரவு 9.50-க்கு அது தாராளம்.

தனித்தனி டிக்கெட், தவறினால் மறுநாள்தான், போகும் இடத்தில் தள்ளிப் போட முடியாத காரியம். இந்த மூன்றும் சேர்ந்தால் மணிக்கணக்கே போடாதீர்கள். முதல் நாளே போய்த் தங்கி விடுங்கள். நான் போட்ட டிக்கெட்டில் இந்த மூன்றும் இருந்தன.

அதற்காக எல்லாவற்றுக்கும் பத்து மணி நேரம் இடைவெளி போடுவதும் சரியில்லை. வயதானவர்களை இரும்பு நாற்காலியில் இரவு முழுக்க உட்கார வைத்தால் கால் வீங்கும், தூக்கம் கெடும், இன்சுலின் நேரம் குழம்பும். ஐந்து மணி நேரத்தைத் தாண்டினால் படுக்க இடம் இருக்கிறதா என்று பார்த்து விட்டுப் போடுங்கள்.

கடைசியாக ஒன்று.

அம்மா திரும்பி வந்த அன்று மாலையே சென்னையில் இருந்து மதுரைக்கு ஒரு விமானம் இருந்தது. முன்பைப் போல இருந்திருந்தால் அதில்தான் போட்டிருப்பேன். இந்த முறை போடவில்லை. அம்மா ஆறு மணி நேரம் தாமதமாக வந்து இறங்கியபோது பிடிக்க வேண்டிய விமானம் எதுவும் இல்லை. பெரியம்மா வீட்டில் இட்லி சாப்பிட்டு விட்டுப் படுத்தார். மறுநாள் காலை எழுந்து, பேத்தியின் படங்களைப் பெரியம்மாவுக்கு ஒவ்வொன்றாகக் காட்டிக் கொண்டிருந்தார்.

முதல் படம் அந்த வியாழக்கிழமைப் படம். அதை மட்டும் சட்டென்று தள்ளி விட்டு அடுத்ததற்குப் போனார். நான் பார்த்துக் கொண்டுதான் இருந்தேன்.

உங்கள் வீட்டில் யாராவது விமானம் மாறிப் போக இருந்தால், இன்று இரவே அந்த டிக்கெட்டை எடுத்து, இரண்டு கோடுகளையும் குறித்து, நடுவில் உண்மையில் எத்தனை நிமிடம் மிஞ்சுகிறது என்று எழுதிப் பாருங்கள்.